இரண்டு எல்லைகளும் நகரும்போது

மணிமங்கலத்தில் என் வகுப்பு மாணவர்கள் பலரின் வீட்டில் ஒருவராவது ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறார். தகடு வெட்டும் இயந்திரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை நான் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நீண்ட தகடு. இடது முனையிலிருந்து t தொலைவில் அதன் அகலம் f(t). அதன்மேல் இரண்டு கத்திகள் வலப்புறமாக நகர்கின்றன. x என்ற நேரத்தில் இடக்கத்தி a(x) இல், வலக்கத்தி b(x) இல் இருக்கிறது. இடையிலுள்ள பரப்பு:

F(x) = ∫ₐ₍ₓ₎ᵇ⁽ˣ⁾ f(t) dt

நேரம் Δx கூடினால் வலக்கத்தி ஏறத்தாழ b′(x)Δx தூரம் நகரும். அங்கே தகட்டின் அகலம் f(b(x)). ஆகவே சேரும் பரப்பு f(b(x))·b′(x)Δx. இடக்கத்தியோ அதேபோல் f(a(x))·a′(x)Δx பரப்பை வெளியே தள்ளிவிடுகிறது. எனவே,

F′(x) = f(b(x))·b′(x) − f(a(x))·a′(x)

சங்கிலி விதி தருவது கத்தியின் வேகத்தை. மாணவர் விட்டுவிடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

f(t) = √(1+t³), எல்லைகள் x, x² எனக் கொள்வோம். இந்தத் தொகையைப் பள்ளியில் படிக்கும் சார்புகளால் எழுத முடியாது. ஆனால் வகைக்கெழு உடனே கிடைக்கிறது:

F′(x) = 2x√(1+x⁶) − √(1+x³)

x = 2 எனில் 4√65 − 3, அதாவது சுமார் 29.25. 2x ஐ விட்டவருக்கு 5.06 வரும். விடையில் t மிஞ்சியிருந்தாலும் தவறுதான். ஐயமிருந்தால் f(t) = t² என மாற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். நேரடியாகத் தொகையிட்டால் (x⁶ − x³)/3. அதன் வகைக்கெழு 2x⁵ − x². விதியும் x⁴·2x − x²·1 என அதையே தருகிறது.

இனி எங்கள் ஊர் ஏரி. அதன் குறுக்குவெட்டில் தரை t² வடிவம் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் கரைப்பக்கம் செங்குத்து, மறுபக்கம் மென்சரிவு). நீர்மட்டம் h எனில் t இல் ஆழம் h − t². நீர் −√h முதல் √h வரை நிற்கும். மேலே சொன்ன விதியை அப்படியே போட்டால் இரு உறுப்புகளும் பூச்சியம், ஏனெனில் நீரோரத்தில் ஆழமே இல்லை. நீர்மட்டம் ஏறுகிறது, பரப்பு கூடவில்லை என்கிறது விடை! காரணம், இங்கே தொகையிடப்படும் சார்பின் உள்ளேயும் h இருக்கிறது. இதற்கு லைப்னிட்ஸ் விதியின் மூன்றாவது உறுப்பு வேண்டும்: h ஐப் பொறுத்து உள்ளே பகுதி வகையிட்டால் 1, அதை −√h முதல் √h வரை தொகையிட்டால் 2√h. பரப்பு (4/3)h^(3/2) என்பதை வகையிட்டாலும் அதுவே வரும். 2√h என்பது நீர்ப்பரப்பின் அகலம். மட்டம் சிறிது உயர்ந்தால் அந்த அகலத்துக்கு ஒரு மெல்லிய அடுக்கு மேலே சேர்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாவது உறுப்பை நான் விதியாகக் கற்பிப்பதில்லை. h ஐத் தொகைக்கு வெளியே எடுத்து, h·∫dt − ∫t²dt என இரண்டாகப் பிரித்து, முதலாவதற்குப் பெருக்கல் விதியைப் பயன்படுத்தினால் போதும்.