அம்மா கேட்ட ஒரு கேள்வி

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று ஒரு சந்தை இருக்கிறது. அதைச் சுற்றிப் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். வாழை இலை, மல்லிகைப் பூ, காப்பித்தூள், அப்பளம் எல்லாம் அங்கே கிடைக்கும்.

அந்தச் சந்தையில் ஓர் அம்மா பூ கட்டி விற்கிறார். மாலையில் எங்கள் வகுப்புக்கு வந்து தமிழ் படித்தார். ஆங்கில எழுத்துகளையும் அடையாளம் கண்டுகொள்ளக் கற்றார். அவருடைய மகள் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்து, பிறகு இரண்டு வருடம் பி.எட். படித்தாள். இந்த வருடம் தேர்வு முடிவு வந்தது. அவள் ஆசிரியை ஆகிவிட்டாள்.

ஓமன் நாட்டில் மஸ்கட் என்ற நகரம் இருக்கிறது. அங்கே இந்தியக் குழந்தைகளுக்காகப் பள்ளிகள் உண்டு. நம் நாட்டு சி.பி.எஸ்.இ. பாடத்தையே அங்கும் நடத்துகிறார்கள். அப்படி ஒரு பள்ளிக்குக் கணக்கு ஆசிரியை தேவை என்ற விளம்பரத்தை மகள் பார்த்தாள். விண்ணப்பிக்க நினைத்தாள்.

விண்ணப்பத்தில் இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று, படிப்பு விவரங்களை வரிசையாகச் சொல்லும் பயோடேட்டா. இன்னொன்று, அதன் மேலே வைக்கும் கடிதம். இதை முகப்புக் கடிதம் என்று சொல்லலாம். தலைமை ஆசிரியர் முதலில் படிப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

முதல் கடிதம்

மகள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருந்தார்கள். அதில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தார்கள். அன்று மாலை அதை வகுப்புக்கு எடுத்து வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

“எனக்கு இரண்டு வருட ஆசிரியர் அனுபவம் உண்டு. எந்த வகுப்புக்கும் எந்தப் பாடமும் நடத்துவேன். எங்கள் குடும்பம் ஏழைக் குடும்பம். தயவுசெய்து வேலை தர வேண்டும்.”

அம்மா பூக் கட்டுவதை நிறுத்தினார்.

“ரெண்டு வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தே?” என்று கேட்டார்.

மகள் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “விளம்பரத்துல ரெண்டு வருஷம் கேட்டிருக்காங்கம்மா. இல்லேன்னு எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க” என்றாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தும் அளவுக்கு எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மஸ்கட்டில் பல வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூவரும் அவரிடம் போனோம்.

மாமி சொன்னது

மாமி முதலில் விளம்பரத்தைக் கேட்டு வாங்கினார். அதில் ஒரு சொல்லின் கீழே கோடு போட்டார்.

“இங்க பாரு. ‘ரெண்டு வருஷ அனுபவம் இருந்தால் நல்லது’ன்னு போட்டிருக்கு. ‘கட்டாயம்’னு போடலை. கட்டாயம்னு போட்டிருந்தா நீ எழுதிப் பிரயோஜனம் இல்லை. இதுக்கு எழுதலாம்” என்றார்.

பிறகு கடிதத்தைப் பார்த்தார்.

“அனுபவம்னு எழுதினா, அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து அனுபவச் சான்றிதழ் கேப்பா. எங்க போய் வாங்குவே? பொய்ச் சான்றிதழ் வாங்கிண்டு போனா, அங்க போனப்புறம் தெரிஞ்சாலும் வேலை போயிடும். வேற ஊர்ல நின்னுண்டு என்ன பண்ணுவே?”

மகளின் கண் கலங்கியது. “அப்போ எனக்குன்னு எழுத ஒண்ணுமே இல்லையா மாமி?” என்று கேட்டாள்.

“ஏன் இல்லை? பி.எட்.ல பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் எடுத்தியே, அது என்ன?”

பி.எட். படிப்பில் இருபது வாரம் பள்ளிப் பயிற்சி உண்டு. முதல் வருடம் நான்கு வாரம். இரண்டாம் வருடம் பதினாறு வாரம். இரண்டு வருடப் பி.எட். 2015-இல் தொடங்கியபோது இப்படி விதித்தார்கள். அந்த வாரங்களில் மாணவ ஆசிரியர் உண்மையான வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறார். இதற்குக் கல்லூரி சான்று தரும். இது வேலை அனுபவம் ஆகாது. ஆனால் புதிதாகத் தேறியவர் கையில் இருக்கும் நல்ல சாட்சி இதுதான். இதைப் ‘பயிற்சி’ என்ற பெயரிலேயே எழுத வேண்டும்.

“வகுப்புல நீ பண்ணினது ஒண்ணே ஒண்ணு சொல்லு. பசங்களுக்குப் புரியாம இருந்து, உன்னால புரிஞ்சுது, அப்படி ஒண்ணு” என்றார் மாமி.

மகள் யோசித்தாள். பிறகு சொன்னாள்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தினாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டாள். நாற்பது பிள்ளைகளில் இருபத்தெட்டுப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதினார்கள். மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டார்கள். மறுநாள் அவள் காகிதப் பட்டைகளை வெட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பட்டையிலும் ஆறு கட்டங்கள். பட்டையில் அரை என்றால் மூன்று கட்டம். மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம். இரண்டையும் சேர்த்தால் ஐந்து கட்டம். அதாவது ஆறில் ஐந்து. ஒரு வாரம் கழித்து அதே மாதிரிக் கணக்குக் கொடுத்தாள். ஒன்பது பேர் மட்டுமே தவறு செய்தார்கள்.

“இதைத்தான் எழுதணும். இதை ஜெராக்ஸ் கடையில எழுதித் தர முடியாது” என்றார் மாமி.

இரண்டாவது கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அதன் பொருள் இதுதான்:

*மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கு,*

*உங்கள் பள்ளியின் விளம்பரத்தில் கண்ட நடுநிலை வகுப்புக் கணக்கு ஆசிரியை பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.*

*நான் கணக்கில் பி.எஸ்ஸி. பட்டமும் பி.எட். தேர்ச்சியும் பெற்றவள். பி.எட். முடிவு இந்த வருடம் வந்தது. இப்போது மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் என்னிடம் உள்ளன. பி.எட். பட்டச் சான்றிதழ் இனிமேல்தான் வரும்.*

*நான் இன்னும் முழுநேர ஆசிரியையாக வேலை செய்ததில்லை. பி.எட். பயிற்சியின்போது கொல்கத்தாவில் ஒரு பள்ளியில் பதினாறு வாரம் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தினேன். பின்னங்களைக் கூட்டுவதில் நாற்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் தவறு செய்தார்கள். ஆறு கட்டக் காகிதப் பட்டைகளைக் கொண்டு மீண்டும் நடத்தினேன். ஒரு வாரத்துக்குப் பின் ஒன்பது பேர் தவறு செய்தார்கள். அந்த ஒன்பது பேருக்கும் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்.*

*தமிழ், வங்காளம், இந்தி, ஆங்கிலம் பேசுவேன். பாடம் ஆங்கிலத்தில் நடத்துவேன். என்னிடம் பாஸ்போர்ட் உள்ளது. நீங்கள் சொல்லும் நாளில் கணினி வழியாக ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டத் தயார்.*

*இப்படிக்கு, (பெயர்)*

ஏழ்மை பற்றிய வரியை மாமி எடுத்துவிட்டார். “உன் கஷ்டம் எனக்குப் புரியறது. ஆனா அவா பாக்கறது, அங்க இருக்கற பசங்களுக்கு நீ என்ன சொல்லித் தருவேங்கறதைத்தான்” என்றார்.

‘எந்த வகுப்புக்கும் எந்தப் பாடமும்’ என்ற வரியும் போயிற்று. பி.எஸ்ஸி. கணக்கும் பி.எட்.டும் படித்தவருக்கு நடுநிலை, உயர்நிலை வகுப்புகள் பொருந்தும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டம் கேட்பார்கள்.

அம்மா பார்த்த பிழை

கடிதத்தை அனுப்பும் முன் எல்லாத் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மாமி சொன்னார். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், கடிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மகளின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, இங்க ஓர் எழுத்துக் குறையுதே?” என்றார்.

ஆம். பாஸ்போர்ட்டில் ‘டி’ எழுத்துக்குப் பின் ‘எச்’ எழுத்து இருந்தது. சான்றிதழில் அது இல்லை. ‘த’ ஓசைக்கு நாம் ‘டி, எச்’ இரண்டும் எழுதுவோம். வங்காளப் பள்ளிகளில் ‘டி’ மட்டும் எழுதிவிடுவது உண்டு. அப்பாவின் பெயரும் சான்றிதழில் ஒரே ஓர் எழுத்தாக இருந்தது. பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக இருந்தது.

மகள் அதே வீட்டில், அதே தாள்களோடு பல வருடம் இருந்தாள். அவள் இதைக் கவனிக்கவே இல்லை.

கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதினார்கள். சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருப்பதைப் பயோடேட்டாவில் ஒரு வரியில் சொன்னார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் எழுதி வாங்கினார்கள். சான்றிதழிலேயே திருத்தம் வாங்குவதுதான் உறுதியான வழி. அதற்கும் பல்கலைக்கழகத்துக்கு மனுக் கொடுத்தார்கள்.

கடிதத்தோடு நகல்களை மட்டும் அனுப்பினார்கள். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுக்கவில்லை. வேலை உறுதியானால், பட்டச் சான்றிதழுக்கு ‘அப்போஸ்டில்’ என்ற முத்திரை வாங்க வேண்டியிருக்கும். சான்றிதழ் உண்மையானது என்பதற்கு நம் வெளியுறவுத் துறை ஒட்டித் தரும் சான்று அது. இந்தியா 2005 முதலும், ஓமன் 2012 முதலும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. எல்லா நாடுகளும் அதில் இல்லை. அந்த நாடுகளுக்கு முறை வேறு. அதனால் வேலை முடிவாகும் முன் அதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்று மாமி சொன்னார்.

பதில்

கடிதம் மூன்று பள்ளிகளுக்குப் போனது. ஒரு பள்ளி, அனுபவம் உள்ளவர்களை மட்டுமே எடுப்போம் என்று எழுதியது. ஒரு பள்ளியிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது பள்ளி, “இருபது நிமிடம் பின்னம் நடத்திக் காட்டுங்கள்” என்று கேட்டது.

வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்தப் பாடத்தை மகள் நேற்று எங்கள் வகுப்பில் நடத்திப் பார்த்தாள். ஆறு கட்டம் போட்ட பட்டையை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மூன்று கட்டம் எண்ணினார். பிறகு இரண்டு கட்டம் எண்ணினார்.

“ஆறுல அஞ்சு” என்றார்.

புதிய சொற்கள்

முகப்புக் கடிதம் – பயோடேட்டாவின் மேல் வைக்கும் கடிதம்
தற்காலிகச் சான்றிதழ் – பட்டச் சான்றிதழ் வரும்வரை தரும் சான்று
நகல் – அசலைப் பார்த்து எடுத்த படி
உறுதிமொழிப் பத்திரம் – உண்மை என்று உறுதி கூறி எழுதித் தரும் தாள்

பயிற்சி

1. முதல் கடிதத்தில் இருந்த பொய் எது? அதை அம்மா எப்படிக் கண்டுபிடித்தார்?
2. ‘இருந்தால் நல்லது’, ‘கட்டாயம்’ – இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை மூன்றையும் எடுங்கள். மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் எழுதி வைத்து வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.