நினைவூட்டல்களுக்கு இரண்டு நேரம் போதும்

நம் அறக்கட்டளை அலுவலகக் கைப்பேசி முன்பெல்லாம் நாள் முழுதும் ஒலித்துக்கொண்டிருக்கும். ரீசார்ஜ், சந்தா வசூல், கேஸ் பதிவு என ஒவ்வொன்றுக்கும் தனி நேரம். ஒலித்ததும் படிக்காமலே தள்ளிவிடப் பழகிவிட்டோம். ஒருநாள் அப்படித் தள்ளியதில், ஒரு பெரியவரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல ஆட்டோ அனுப்பும் நினைவூட்டலும் போய்விட்டது. அவர் ஒரு மணி நேரம் வாசலில் காத்திருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் ஒரே கேள்வி வைத்தோம்: அரை நாள் தாமதமானால் ஏதேனும் கெடுமா? மருந்து, மருத்துவமனை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது போன்றவை உரிய நேரத்திலேயே, தனி ஒலியோடு வரட்டும். மற்றவை காலை 9 மணிக்கும் இரவு 8.30 மணிக்கும் மொத்தமாக வந்தால் போதும்.

இதிலும் ஒரு தவறு செய்தோம். மின்கட்டணக் கடைசி நாள் நினைவூட்டலை அன்றிரவு நேரத்தில் சேர்த்தோம். அதற்குள் கவுண்டர் மூடிவிட்டது. அதை முந்தைய இரவே வைத்திருக்க வேண்டும். கடைசி நேரத்துக்கு முன்னால், வேலையை முடிக்க அவகாசம் தரும் வேளையிலேயே எதையும் சேருங்கள்.

நேற்று வந்தவையே இன்றும் முடியாமல் நின்றால், படிக்காமல் தள்ளும் பழக்கம் திரும்புகிறது என்று அறியலாம். அப்போது பட்டியலைக் குறையுங்கள்.