பேட்டரியில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?



2023 டிசம்பர் 3 ஆம் நாள் இரவு. மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக் கொண்டிருந்தது. 11 மணிக்கு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. "இன்வெர்ட்டர் இருக்கப் பயமேன்?" என்று இரண்டு மின்விசிறிகளையும் ஓடவிட்டு உறங்கினோம். விடியற்காலை நாலரை மணிக்கு இன்வெர்ட்டர் கூவி ஓய்ந்தது. அதே வேளையில் பாட்டிக்கு மூச்சிரைப்பு வந்தது. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசருக்கு மின்சாரம் இல்லை! அடுத்த வீட்டு மாமா வீட்டில் இன்வெர்ட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு நீரில் அப்பா பாட்டியைச் சுமந்து அங்கே கொண்டு போனார். பாட்டி பிழைத்தார்.

மாமா வீட்டிலும் எங்கள் வீட்டில் உள்ளது போன்ற பேட்டரிதான். எங்களுடையது மட்டும் ஏன் முந்தி ஓய்ந்தது? விடையைக் கணக்கிட்டே அறிந்தேன். அதைக் காண்போம்.

எங்கள் பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. ஆம்பியர்-மணி என்பது எவ்வளவு மின்னோட்டத்தை எத்தனை மணி நேரம் தரும் என்பதைக் காட்டும். ஆனால் விளக்கும் விசிறியும் செலவிடுவதோ வாட் கணக்கில். ஆகவே வோல்ட்டால் பெருக்கி வாட்-மணியாக்க வேண்டும்.

150 × 12 = 1800 வாட்-மணி.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே போன்ற இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பக்க இணைப்பில் 12 வோல்ட், 300 ஆம்பியர்-மணி. இரண்டிலும் கிடைப்பது 3600 வாட்-மணியே. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் சேர்த்து இரட்டிப்பாக்கி 7200 என்று கணக்கிடுவது தவறு.

அன்றிரவு எங்கள் வீட்டில் ஓடியவை: 75 வாட் விசிறிகள் இரண்டு, 9 வாட் விளக்குகள் இரண்டு, 12 வாட் வைஃபை பெட்டி ஒன்று. மொத்தம் 180 வாட். 1800 ஐ 180 ஆல் வகுத்தால் 10 மணி நேரம். பேட்டரி விற்ற கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம். ஆனால் நடந்தது ஐந்தரை மணி நேரம். மீதி எங்கே போயிற்று?

முதலாவது, பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறுமின்னோட்டமாக்கும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நூற்றுக்கு 80 பங்கு தேறும் என்று கொண்டால் 1440 வாட்-மணி. அதாவது 8 மணி நேரம்.

இரண்டாவது, பேட்டரியின் மேல் C20 என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 20 மணி நேரத்தில் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால்தான் 150 முழுமையாகக் கிடைக்கும் என்பது அதன் பொருள். நாங்களோ ஏறத்தாழ 19 ஆம்பியர் எடுத்தோம். விரைந்து எடுத்தால் ஈய-அமில பேட்டரி குறைவாகவே தரும். இதனால் 8 மணி நேரம் 7 க்கும் கீழே இறங்கியது.

மூன்றாவது, பேட்டரியை முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். எங்கள் இன்வெர்ட்டர் ஐந்தில் ஒரு பங்கை மீதம் வைத்துத் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. எஞ்சியது ஐந்தரை மணி நேரம்.

இனி மாமா வீட்டுக் கணக்கு. அங்கே ஒரு விசிறி, ஒரு விளக்கு, 6 வாட் அளவில் ஒரு கைபேசி. மொத்தம் 90 வாட். 1440 ஐ 90 ஆல் வகுக்க 16. மீதம் வைப்பதைக் கழித்தால் ஏறத்தாழ 13. எடுத்த மின்னோட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான். ஆகவே இரண்டாவது இழப்பு மிகச் சிறிது. 12 மணி நேரம் உறுதி. பாருங்கள், செலவைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பையும் தாண்டிவிடுகிறது!

பாட்டியின் கருவி 120 வாட். கால் மணி நேரம் ஓட 30 வாட்-மணி போதும். அந்த வைஃபை பெட்டியை மட்டும் அணைத்திருந்தாலே இரண்டரை மணி நேரத்தில் அவ்வளவு மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கணக்கு புதிய, முழுவதும் மின்னேற்றிய பேட்டரிக்கே பொருந்தும். உங்கள் பேட்டரியின் நிலையை அறிய, ஒரு விடுமுறை நாளில் அதை முழுவதும் மின்னேற்றிவிட்டு, மெயின் சுவிட்சைப் பெரியவர்களைக் கொண்டு அணைத்து, தெரிந்த வாட் அளவை ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டியது மூன்றே மணியில் நின்றால், அதன் கொள்ளளவு பாதியளவுக்கு வந்துவிட்டது. நீர்மட்டம் குறைந்துள்ளதா என்று பாருங்கள். வடிநீரையன்றிக் குழாய் நீரை ஊற்றக் கூடாது.

இப்போது எங்கள் இன்வெர்ட்டரின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "180 வாட் – ஐந்தரை மணி. 90 வாட் – 12 மணி." மின்சாரம் நின்றதும் முதலில் எழுந்து ஒரு விசிறியை அணைப்பவர் பாட்டிதான்.