ஸ்டைபெண்டை அளவுகோலாக வைத்துச் சம்பளம் பேசாதீர்கள்

கேள்வி: கோவையில் பி.இ. கணினி அறிவியல் முடித்தேன். ஜூலை முதல் சென்னையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் இன்டர்னாக இருக்கிறேன். ஸ்டைபெண்ட் மாதம் 12,000 ரூபாய். டிசம்பரோடு ஆறு மாதம் முடிகிறது. போன வாரம் எச்.ஆர். கூப்பிட்டு, "ஜனவரியிலிருந்து நிரந்தர வேலை, 4.8 லட்சம் சி.டி.சி., 18 மாத பாண்டு. இப்போ வாங்குறதைவிட மூணு மடங்குக்கு மேலே. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றார். இதே டீமுக்கு கேம்பஸில் எடுத்தவர்களுக்கு 5.5 லட்சம். அவர்களுக்குக் கோட் பேஸைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். கூடுதலாகக் கேட்டால் ஆஃபரையே திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்வது சார்?
— வாசகி, பெயர் வேண்டாம்

பதில்: அந்த "மூணு மடங்கு" கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். 12,000 ரூபாய் உங்கள் வேலைக்கான விலை அல்ல, பயிற்சிக் காலத்துக்கான கைச்செலவு. அதோடு ஒப்பிட்டால் எந்தச் சம்பளமும் பெரிதாகத்தான் தெரியும். எச்.ஆர். அதைச் சொன்னதும் அதற்காகத்தான். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது நானும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒப்பிட வேண்டியது அதே நாற்காலிக்கு கேம்பஸில் எடுத்தவருக்குத் தரும் சம்பளத்தோடு.

ஆனால் "5.5 கொடுங்கள்" என்று உடனே போய் நிற்க வேண்டாம். சம்பளப் பிரிவை எழுத்தில் வாங்குங்கள். அனெக்ஷர் என்பார்கள், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். உங்களைப் போன்ற ஆஃபர்களில் 4,80,000 பெரும்பாலும் இப்படி உடையும்: வேரியபிள் பே 48,000, நிறுவனம் கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி 9,800, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8,600. ஆக 88,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் வராது. மீதி 3,92,000, மாதத்துக்கு 32,667. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200 போனால் கைக்கு வருவது 30,600 சொச்சம். மாதம் 40,000 என்று நினைத்து வேளச்சேரியில் வீடு பார்த்திருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். நல்லவேளையாக, புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை.

கிராஜுவிட்டி நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வேலை பார்த்தால்தான் கிடைக்கும். வேரியபிள் நிறுவனத்தின் லாபத்தையும் உங்கள் ரேட்டிங்கையும் பொறுத்தது, முதல் ஆண்டில் பெரும்பாலும் முழுதாக வராது. அதனால் சி.டி.சி. எண்ணைவிட அதில் ஃபிக்ஸட் எவ்வளவு என்பதற்காகப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5.5 லட்சத்தையும் இதே முறையில் உடைத்தால் கைக்கு மாதம் 35,800 போல வரும். சி.டி.சி. 4.8 ஆகவே இருந்து, 48,000 வேரியபிளை மட்டும் ஃபிக்ஸட்டில் சேர்த்தால் கைக்கு 34,600 சொச்சம். வித்தியாசம் மாதம் 1,200 ரூபாய்கூட இல்லை. 5.5 வாங்குபவருக்கு வேரியபிள் வந்தால் அது தனி, உண்மைதான். ஆனால் உங்களுக்கு இது உறுதியான பணம். நிறுவனத்துக்கோ மொத்தச் செலவு ஏறவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களோடு இன்னும் நான்கு இன்டர்ன்களை எடுக்கிறார்கள் என்றால், ஒருவருக்கு மட்டும் சி.டி.சி.யை உயர்த்த எச்.ஆரால் பெரும்பாலும் முடியாது. அந்த பேண்டை மேலிடத்தில் முடிவு செய்திருப்பார்கள். உள்ளே பிரிவை மாற்றுவது அவ்வளவு கடினமில்லை. அதனால் முதலில் 5.5 கேளுங்கள், முடியாது என்றால் வேரியபிளை ஃபிக்ஸட் ஆக்கச் சொல்லுங்கள்.

பணத்தைவிடப் பெரிதாக நான் நினைப்பது இன்னொன்று: நீங்கள் சேர்ந்த தேதி. பல நிறுவனங்களில் அப்ரைசல் ஏப்ரலில். செப்டம்பர் 30-க்குள் சேர்ந்தவர்களுக்கு மட்டும் அந்த ஏப்ரலில் உயர்வு என்று ஒரு கட் ஆஃப் வைத்திருப்பார்கள். ஜனவரியில் சேர்ந்தவராக உங்களைக் கணக்கு வைத்தால் வரும் ஏப்ரல் போச்சு. அதற்கடுத்த ஏப்ரல் வரை பதினைந்து மாதம் இதே சம்பளம்தான். ஜூலையில் நீங்கள் உள்ளே வந்ததை அப்ரைசலுக்காவது கணக்கில் எடுத்தால் மூன்றே மாதத்தில் உயர்வுக்குத் தகுதி. இன்றைக்கு அவர்களுக்கு இதனால் ஒரு பைசா செலவில்லை என்பதால் சம்மதிப்பது சுலபம். உங்கள் நிறுவனத்தில் கட் ஆஃப் தேதி என்ன என்று டீமில் மூத்தவர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒத்துக்கொண்டால் அதை ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "ஏப்ரல்ல பார்த்துக்கலாம்மா" என்று வாயால் சொன்னவர் ஏப்ரலில் வேறு கம்பெனியில் இருப்பார்.

பேசும் வரிசையும் முக்கியம். எச்.ஆரிடம் போகும் முன் மேனேஜரிடம் போங்கள். உங்கள் இடத்துக்குப் புதியவர் வந்தால் அவர் வேலைக்குப் பழக எத்தனை வாரம் ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். டிசம்பர் ரிலீஸ் நேரத்தில் அந்தத் தலைவலி அவருடையதுதான். "எனக்கு இங்கேயே தொடர ஆசை சார். கேம்பஸில் வந்தவர்களுக்கு நான்தான் கேடி கொடுக்கிறேன், ஆஃபர் அவர்களைவிடக் குறைவாக இருக்கிறது. எச்.ஆரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?" என்பது போதும். அதன்பின் எச்.ஆருக்கு ஒரே மெயில். நீங்கள் தனியாக முடித்துக்கொடுத்த வேலைகள் இரண்டு மூன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள், கேட்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கடைசி வரியாக, "இது சரியானால் அன்றே கையெழுத்திடுகிறேன்" என்று சேருங்கள். எச்.ஆர். மேலே போய் அனுமதி வாங்க அந்த வரிதான் அவருக்கு உதவும்.

வீட்டில் பயப்படுவது புரிகிறது. பணிவாக ஒருமுறை கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறுவது அபூர்வம். ஆஃபர் கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு விதமாக: இல்லாத வேறு ஆஃபரை இருப்பதாகச் சொல்லி மாட்டிக்கொள்வது, சரி என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவது. வெள்ளிக்கிழமை போதாது என்றால் இன்றே மெயில் போட்டு, "அனெக்ஷர் வந்ததும் திங்களுக்குள் சொல்கிறேன்" என்று எழுதிவிடுங்கள்.

பாண்டு விஷயத்தில் பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்லும். அதே சமயம் விஜயா வங்கி வழக்கில் மூன்று ஆண்டு, 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, சூழல் வேறு. ஆனாலும் பாண்டு என்றாலே செல்லாது என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதீர்கள். வழக்குவரை போவதைவிட ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பதுதான் நடைமுறையில் உங்களை மடக்கும். ஆறு மாதப் பயிற்சியை ஸ்டைபெண்டில் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள், எனவே 18 மாதத்தை 12 ஆக்கக் கேளுங்கள். வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும் என்றும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எதற்குமே அசையவில்லை, கையில் வேறு ஆஃபரும் இல்லை என்றால், பாண்டு தாங்கக்கூடியதாக இருக்கும்பட்சத்தில் 30,600-க்குச் சேர்ந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சேரும் முன் இன்டர்ன்ஷிப் சான்றிதழை ஜூலை–டிசம்பர் தேதிகளோடு தனியாக வாங்கி வையுங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அடுத்த நிறுவனம் அனுபவம் எவ்வளவு என்று கேட்கும்போது இந்த ஆறு மாதத்துக்கும் கையில் தாள் வேண்டும்.