உங்க ஓ.டி. நோட்டும் பே ஸ்லிப்பும் ஒத்துப்போகுதா?

சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்க்கிறீர்கள். சம்பளம் ஏறிவிட்டது. ஆனால் நோட்டில் இருக்கும் ஓ.டி. மணி ஒன்று, பே ஸ்லிப்பில் இருக்கும் மணி வேறொன்று. இப்படி இடித்தால் உடனே சூப்பர்வைசரிடம் போக வேண்டாம். முதலில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து சரிபார்த்துவிடுங்கள். நீங்கள் அங்கே இருக்க, இந்தக் கணக்கை ஊரில் உங்கள் மனைவியோ தம்பியோகூடப் போட்டுப் பார்க்கலாம். நோட்டின் படமும் பே ஸ்லிப்பின் படமும் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும்.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

"இன்னைக்கு 2 மணி ஓ.டி." என்று மட்டும் எழுதினால் பின்னால் உதவாது. ஒவ்வொரு நாளும் ஐந்து விஷயம் வேண்டும்: தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை எவ்வளவு, எந்த இடம். ஞாயிறு போன்ற ஓய்வு நாளில் வேலை செய்தால் ஆறாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வரச் சொன்னது யார்? கம்பெனியா, அல்லது நீங்களே கேட்டு வாங்கிய வேலையா? இது ஏன் முக்கியம் என்பது கீழே கணக்கில் தெரியும்.

வேலை முடிந்ததும் அன்றைய நேரத்தை வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். "காலை 8 முதல் இரவு 7, ஒரு மணி நேரம் சாப்பாடு" என்று ஒரு வரி போதும். அன்றன்றைக்கு அனுப்பிய செய்தியில் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகும். உங்கள் போன் தொலைந்தாலும் வீட்டுப் போனில் அது இருக்கும்.

ஒரு மணி நேர ஓ.டி.க்கு எவ்வளவு?

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி, உடலுழைப்பு வேலை செய்பவரின் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 டாலருக்குள் இருந்தால், ஓ.டி.க்குக் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன் வந்த ஐ.பி.ஏ. கடிதத்தில் பாருங்கள். அலவன்ஸைச் சேர்க்கக் கூடாது. அடிப்படை 800 டாலர் என்றால் கணக்கு இப்படி:

800 × 12 ÷ (52 × 44) × 1.5 = 6.29 டாலர்

12 என்பது மாதங்கள், 52 என்பது வாரங்கள், 44 என்பது வாரத்துக்கான சாதாரண வேலை நேரம். 800 இருக்கும் இடத்தில் உங்கள் அடிப்படைச் சம்பளத்தைப் போடுங்கள். நடுவில் எண்ணை முழுமையாக்காமல், போன் கால்குலேட்டரில் கடைசி வரை போட்டு முடியுங்கள். மணிக்கு ஓரிரு காசு வித்தியாசம் வந்தால் பிரச்சினை இல்லை. அரை டாலர், ஒரு டாலர் என்று குறைந்தால் கேட்க வேண்டும்.

இப்போது ஒப்பிடுவோம்

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 8 மணி நேரம், சனிக்கிழமை 4 மணி நேரம், ஆக வாரம் 44. அடிப்படை 800 டாலர். செப்டம்பர் 1 முதல் 30 வரை நோட்டைக் கூட்டினால் 67 மணி நேரம் கூடுதல் வேலை. பே ஸ்லிப்பில் 60 மணிதான். "7 மணி நேரத்தை முழுங்கிட்டாங்க" என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் பே ஸ்லிப்பில் ஓ.டி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். சம்பளக் காலமும் ஓ.டி. காலமும் வேறு வேறாக இருந்தால் அதை அச்சிட்டே ஆக வேண்டும். இவருடைய பே ஸ்லிப்பில் ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 20 வரை என்று இருக்கிறது. அதே தேதிகளுக்கு நோட்டைத் திரும்பக் கூட்டினால் 64 மணி. அப்படியானால் இடிப்பது 7 அல்ல, 4 மணிதான்.

அந்த 4 எங்கே? சைட்டில் கார்டு பஞ்ச் செய்திருந்தாலோ, டைம் ஷீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தாலோ, வாரம் வாரமாக ஒப்பிடலாம். செப்டம்பர் 6, சனிக்கிழமை. நோட்டில் காலை 8 முதல் மாலை 5 வரை, ஒரு மணி நேரம் சாப்பாடு. டைம் ஷீட்டில் மதியம் 12 வரைதான் இருக்கிறது. 4 மணி நேரம் அங்கேதான் விட்டுப்போயிருக்கிறது. மதிப்பு 25.16 டாலர்.

இத்தோடு முடியவில்லை. 64 மணியில் 8 மணி, செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை செய்த வேலை. அன்று கம்பெனிதான் கூப்பிட்டது. பே ஸ்லிப்பில் அந்த 8 மணியும் சாதாரண ஓ.டி.யோடு சேர்ந்திருக்கிறது. மணிக் கணக்கு சரியாக இருப்பதால் கண்ணில் படாது. ஆனால் ஓய்வு நாளுக்கு விதி வேறு. கம்பெனி கூப்பிட்டு, அரை நாளுக்கு மேல் ஒரு நாள் வரை வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். இவருக்கு வாரம் ஐந்தரை நாள் வேலை என்பதால் ஒரு நாள் சம்பளம் 800 × 12 ÷ (52 × 5.5), அதாவது 33.57 டாலர். இரண்டு நாளுக்கு 67.14. கொடுத்ததோ 8 × 6.29, அதாவது 50.32. குறைவது 16.82 டாலர்.

ஆக மொத்தம் வர வேண்டியது 25.16 + 16.82 = 41.98 டாலர். அந்த ஞாயிறு வேலையை இவரே கேட்டு வாங்கியிருந்தால் சட்டப்படி ஒரு நாள் சம்பளம்தான். அப்போது ஞாயிறு கணக்கில் கேட்க எதுவும் இருக்காது. "வரச் சொன்னது யார்" என்று எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

எப்படிக் கேட்பது?

"சம்பளம் கம்மியா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் பதில் வராது. "செப்டம்பர் 6 சனிக்கிழமை 4 மணி நேரம் விட்டுப்போச்சு, செப்டம்பர் 14 ஞாயிறு ஓ.டி. ரேட்டில் போட்டிருக்காங்க" என்று தேதியோடு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும். பே ஸ்லிப், ஐ.பி.ஏ., நோட்டின் அந்தப் பக்கம், மூன்றின் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு, ஒரு நகலை வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

ஓ.டி. பணத்தை, சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். கேட்டும் வரவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். முறைப்படி கோரிக்கை வைக்க, 'டாடெம்' எனப்படும் முத்தரப்பு அமைப்பு இருக்கிறது. அங்கே முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள்.

இதற்குக் கெடு உண்டு. வேலையில் இருக்கும்போது, பணம் வராமல் போன நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் கோர வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அந்த 6 மாதம் கரைந்துவிடும். அதனால் பே ஸ்லிப் வந்த வாரமே நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கணக்கு சரியாக இருந்தால், அந்தப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு அடுத்த மாதத்துக்குப் போகலாம்.