அந்த ஒரு சொல்லை எடுத்துவிடு

திருவையாறு,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள பாப்பா,

நீ போனில் படம் எடுத்து அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்று முறை படித்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் சத்தம் போடுவேன். அதனால்தான் எழுதி உன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன். நீ சாப்பிட்டாயா? வியாழக்கிழமை இரவிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது.

அந்தப் பிள்ளைக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி ரிப்போர்ட்டைப் பார்ப்போம். நான்கே வரி எழுதியிருக்கிறாய். மாணவி கவனக்குறைவாக மாடிப்படியில் கால் தவறி விழுந்தார், உடனடியாக முதலுதவி அளிக்கப்பட்டது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார், தற்போது நலமாக உள்ளார். படிக்கிறவர்களுக்கு நெருடாமல் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று இரண்டாக எழுதலாமா, பெற்றோருக்குப் போகிற தாளில் படிக்கட்டு பல்பு எரியாத விஷயத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது. வேலை உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது. ஆனால் இரண்டு தாள் எழுதினால் ஒருநாள் அவை இரண்டும் ஒரே மேஜையில் கிடக்கும். அப்போது உன் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். உன் அப்பா போட்ட அந்த ஒரு கையெழுத்துக்கு நம் வீடு என்ன விலை கொடுத்தது என்று உனக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனமில்லை.

'கவனக்குறைவாக' என்ற சொல்லை எப்படி எழுதினாய், பாப்பா? நீ பார்த்தாயா? அவள் விழுந்தபோது மணி பதினொன்று பத்து. நீ அங்கே போனது பதினொன்று ஐம்பதுக்கு. விழுந்ததை வாட்ச்மேனும் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டிருக்கிறார். யாருமே பார்க்காத ஒன்றுக்கு நீ காரணம் எழுதியிருக்கிறாய்.

1994-இல் நானும் அந்தச் சொல்லை எழுதினேன். அப்போது நானும் உன்னைப் போல ஹாஸ்டல் வார்டன், முப்பத்தொரு வயது. பி.எஸ்சி. முதலாண்டுப் பிள்ளை, இரவு தண்ணீர் பிடிக்க இறங்கி வந்தவள் விழுந்துவிட்டாள். அவளே எழுந்து உட்கார்ந்தாள், பேர் கேட்டால் சொன்னாள், 'ஒண்ணுமில்லை மேடம்' என்று சிரிக்கக்கூடச் செய்தாள். தைலம் தடவிப் படுக்க வைத்தேன். விடிகாலை நாலு மணிக்கு அறைத் தோழி ஓடி வந்து, 'குறட்டை ஒரு மாதிரி வருது, எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா' என்றாள். பிறகு டாக்டர் விளக்கினார். மண்டை ஓட்டுக்கும் மூளையை மூடியிருக்கும் சவ்வுக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லச் சேருமாம். அது சேர்கிற வரை ஆள் நன்றாகப் பேசுவாளாம். தலையைத் திறந்து காப்பாற்றினார்கள். ஆனால் வலது கைக்குப் பழைய பலம் வரவில்லை.

நான் எழுதிய முதல் பிரதியில், 'படிக்கட்டில் விளக்கு எரியவில்லை' என்று ஒரு வரி இருந்தது. முதல்வர் அதை அடித்துவிட்டு 'மாணவியின் கவனக்குறைவால்' என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டி, 'இவ கவனமா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா, நீங்களே எழுதியிருக்கீங்களே' என்றார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகுதான் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் படிகளை அளந்தேன். எல்லாப் படியும் ஆறரை அங்குல உயரம், கடைசிப் படி மட்டும் ஏழே கால். கீழே தரை போட்டபோது வந்த கோளாறு. இறங்குகிறவளுடைய கால் முதல் இரண்டு மூன்று படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும், மீதியை அந்தக் கணக்கிலேயே இறங்கும். ஒரு படி மட்டும் விரல் கனம் மாறினாலும் கால் ஏமாந்துபோகும். பகலில் கண் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். விளக்கில்லாத படியில் என்ன செய்யும்? நீயும் நாளைக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போ. இரண்டாம் மாடியிலிருந்து லேண்டிங் வரை ஒவ்வொரு படியையும் அள. விளிம்பு தேய்ந்திருக்கிறதா, கைப்பிடி கடைசிப் படி வரை வருகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வை. பல்பை வெள்ளிக்கிழமை காலையிலேயே மாற்றிவிட்டார்கள் என்கிறாய். அதையும் எழுது. மாற்றியது தப்பில்லை, மாற்றியதை எழுதாவிட்டால்தான் மறைத்ததாக ஆகும். பராமரிப்பு நோட்டில் மூன்றாம் தேதியே ஒரு பிள்ளை 'படிக்கட்டு லைட் எரியவில்லை' என்று எழுதியிருக்கிறாள் அல்லவா? பன்னிரண்டாம் தேதி இவள் விழுந்தாள். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து உன்னிடம் வைத்துக்கொள்.

அடுத்தது 'உடனடியாக'. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். மேட்ரன் உன்னைப் பதினொன்று பதினைந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், இருபத்திரண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், பதினொன்று நாற்பதுக்குத்தான் நீ எடுத்திருக்கிறாய். போன் சைலன்டில் இருந்தது என்று என்னிடம் சொன்னாய், ரிப்போர்ட்டில் சொல்லவில்லை. அவர் போனில் மூன்று அழைப்பும் நேரத்தோடு கிடக்கிறது, பாப்பா. இரண்டு பத்துக்கு அந்தப் பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறாள். தலையில் அடிபட்டவள் வாந்தி எடுத்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காலேஜ் வண்டி இல்லை என்றால் 108 இருக்கிறது. நீ ஆறு நாற்பதுக்குத்தான் கொண்டுபோயிருக்கிறாய். ஏழரைக்குத்தான் பெற்றோருக்குப் போன் செய்திருக்கிறாய். அவள் பிழைத்தது நம் சாமர்த்தியத்தால் இல்லை.

இந்த நேரங்களை நீயே எழுது. நீ எழுதினால் அது தாமதம். வேறொருவர் கண்டுபிடித்தால் அதற்குப் பேர் வேறு. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது, யார் கூட்டி வந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். அங்கே நீ சொன்ன நேரமும் இங்கே எழுதுகிற நேரமும் வேறாக இருந்தால், கேள்வி உன்னைத் தேடித்தான் வரும்.

போன் விஷயத்தில் கவனமாக இரு. பக்கத்து அறைப் பிள்ளைகள், 'போன் பேசிக்கிட்டே இறங்கினா' என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவளோ, படி இருட்டாக இருந்ததால் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினேன் என்கிறாள். இரண்டிலும் கையில் போன் இருக்கிறது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் போன் என்ற ஐந்து வார்த்தை ஒரு கிராமத்து வீட்டில் போய் விழுந்தால், அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை படிக்க வர மாட்டாள். போனை மறைக்கச் சொல்லவில்லை. எதற்குக் கையில் இருந்தது என்று அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுது. பார்க்காதவர்கள் சொன்னதை விட்டுவிடு. அதற்கு முன் அவளோடு தனியாக உட்கார்ந்து, வேறு யாராவது படியில் இருந்தார்களா, யாராவது துரத்தினார்களா, மிரட்டினார்களா என்று ஒரு முறை கேள். அறைத் தோழி எதிரில் கேட்காதே. ஆமாம் என்றால் அது படிக்கட்டு விஷயம் இல்லை. 1997-இலிருந்து இங்கே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அன்றே எழுத்தில் முதல்வரிடம் போக வேண்டும். இல்லை என்றால், 'கேட்டேன், இல்லை என்றார்' என்று ஒரு வரி போதும்.

'நலமாக உள்ளார்' என்பதை எடுத்துவிடு. கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு உண்டு. அதன் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது. அதனால்தான் பத்து நாள் கழித்து வரச் சொல்லியிருப்பார்கள். நலம் என்று எழுதுவது டாக்டர் வேலை. நீ பார்த்ததை மட்டும் எழுது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'12-ஆம் தேதி இரவு சுமார் 11.10-க்கு இரண்டாம் மாடிப் படிக்கட்டில் சத்தம் கேட்டதாகக் காவலாளி தெரிவித்தார். மாணவி லேண்டிங்கில் விழுந்து கிடந்ததை அவரும் மேட்ரனும் பார்த்தனர். விழுந்ததை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. மேட்ரன் 11.15, 11.22, 11.40 மணிக்கு என்னை அழைத்தார். மூன்றாவது அழைப்பை எடுத்து 11.50-க்கு வந்தேன். மாணவி நினைவோடு இருந்தார். நெற்றியில் வீக்கம், இடது மணிக்கட்டில் வலி. தண்ணீர் பிடிக்க இறங்கியதாகவும், விளக்கு இல்லாததால் போன் டார்ச்சைப் பயன்படுத்தியதாகவும், கடைசிப் படியில் கால் தவறியதாகவும் கூறினார். அந்தப் படிக்கட்டு விளக்கு எரியவில்லை. 3-ஆம் தேதி இதுபற்றிப் பராமரிப்பு நோட்டில் புகார் பதிவாகியுள்ளது. அதிகாலை 2.10-க்கு ஒரு முறை வாந்தி. 6.40-க்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். 7.30-க்குப் பெற்றோருக்குத் தெரிவித்தேன். 13-ஆம் தேதி காலை விளக்கு மாற்றப்பட்டது.'

இதில் யார்மேலும் பழி இல்லை, உன்மேலும் இல்லை. இதே தாள் கல்லூரிக்கும் போகட்டும், பெற்றோருக்கும் போகட்டும். கல்லூரிப் பிரதியோடு மட்டும் படி அளவையும், இரவு வண்டிக்கு ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கையையும் தனித் தாளில் இணை. அலுவலகத்தில் கொடுத்து உன் பிரதியில் முத்திரை வாங்கு. யாராவது பென்சிலோடு வந்தால், 'நீங்கள் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளுங்கள் சார், இது நான் பார்த்தது' என்று சொல். எனக்கு அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒப்பந்த வேலை, போய்விடுமோ என்று பயப்படுகிறாய். தெரியும். நீ விரும்பினால் உன் நான்கு வரியையே கொடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது எடுத்துவிட்டுக் கொடு.

ரொம்பக் கண்டித்துவிட்டேனோ என்று இருக்கிறது. நாற்பது நிமிஷம் தாமதமானதற்காக நீ கெட்ட வார்டன் ஆகிவிட மாட்டாய், கண்ணு. அந்தப் பிள்ளையின் தலைமாட்டில் விடியவிடிய உட்கார்ந்திருந்தவள் நீதான் என்று உன் மேட்ரன் என்னிடம் சொன்னார். உன் பாட்டி இருந்திருந்தால் உன்னை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். தம்பி கையில் கைமுறுக்கும் பூண்டு ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் நாலு முறுக்கு கொடு. இடது கையில் கட்டு என்றால் தலை பின்ன முடியாது, யாரையாவது பின்னிவிடச் சொல், இல்லை நீயே பின்னிவிடு.

திங்கட்கிழமை பத்து மணிக்குள் தாளைக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிடு. மாமா பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

உன் அத்தை