எதிரொலியைக் கண்டுபிடிக்கும் ‘கெப்ஸ்ட்ரம்’

சைனாடவுனில் பகோடா ஸ்ட்ரீட்டும் சவுத் பிரிட்ஜ் ரோடும் சேரும் முனையில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கோபுரத்தைச் சுற்றுப்பயணிகளுக்கு விளக்கிக்கொண்டு ஒரு வழிகாட்டி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அவருக்கு 7 மீட்டர் எதிரே நின்று கைத்தொலைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்கிறீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் 3.5 மீட்டரில் ஒரு கடைவீட்டுச் சுவர்.

அவர் குரல் உங்களை இருமுறை வந்தடைகிறது. முதல் முறை நேராக, 7 மீட்டர் கடந்து. அடுத்தது உங்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி, மொத்தம் 14 மீட்டர் கடந்து. நம் ஊர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். ஆகவே கூடுதலான 7 மீட்டருக்கு 0.02 வினாடி, அதாவது 20 மில்லிவினாடி ஆகும். இருமடங்கு தூரம் வந்ததால் எதிரொலியின் வீச்சு ஏறக்குறைய பாதி. இவ்வளவு சிறிய இடைவெளியில் வரும் எதிரொலியை நம் காது தனியாகக் கேட்பதில்லை, குரலோடு சேர்த்துவிடுகிறது. பதிவு சற்றுக் ‘குடத்துக்குள் பேசியதுபோல்’ இருக்கும், அவ்வளவுதான்.

சுவர் எங்கே இருந்தது என்பதே தெரியாமல், பதிவை மட்டும் வைத்து இந்த 20 மில்லிவினாடியைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். துப்பு அதிர்வெண்களில் ஒளிந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு முழுச் சுற்றுக்கு எடுத்துக்கொள்வது சரியாக 20 மில்லிவினாடி. ஆகவே அதன் எதிரொலி முகட்டோடு முகடாகச் சேர்ந்து, வீச்சை 1.5 மடங்காக்குகிறது. 25 ஹெர்ட்ஸ் அலையோ அதே நேரத்தில் அரைச் சுற்றுதான் முடித்திருக்கும். அதன் முகட்டின் மீது எதிரொலியின் பள்ளம் விழுந்து, வீச்சு 0.5 மடங்காகக் குறைகிறது. 75இல் குறைவு, 100இல் கூடுதல், 125இல் குறைவு என்று இது தொடரும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் வரைபடமே ஸ்பெக்ட்ரம். அதில் 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை சீரான ஏற்ற இறக்கம், சீப்பின் பல்லைப்போல் தோன்றும்.

ஆனால் வழிகாட்டியின் குரலுக்கும் சொந்தமாக மேடுபள்ளங்கள் உண்டு. அந்த வடிவத்தைச் சீப்பு வடிவம் பெருக்கியிருக்கிறது. பெருக்கலில் கலந்தவற்றைப் பிரிப்பது கடினம். கூட்டலில் கலந்தவற்றைப் பிரிப்பது எளிது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் கருவியை நீங்கள் கணக்குப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள்: லாகரிதம், அதாவது மடக்கை. ஸ்பெக்ட்ரத்திற்கு மடக்கை எடுத்தவுடன், ‘குரலின் வடிவம் கூட்டல் சீப்பின் வடிவம்’ என்று அது மாறிவிடுகிறது.

அடுத்த படிதான் விநோதமானது. மடக்கை எடுத்த அந்த வரைபடத்தையே ஓர் ஒலியலை என்று பாவித்து, அதை மீண்டும் ஒருமுறை ஃபூரியே முறையில் அலைகளாகப் பிரிக்க வேண்டும். மெதுவாக ஏறி இறங்கும் குரல் வடிவம் தொடக்கத்திலேயே, பூச்சியத்தை ஒட்டி விழும். 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை நெருக்கமாக ஏறி இறங்கும் சீப்போ தள்ளிப் போய், 20 மில்லிவினாடி என்ற இடத்தில் கூரான முகடாக எழும். இந்த இரண்டாவது வரைபடம்தான் கெப்ஸ்ட்ரம்.

புரூஸ் போகெர்ட், மைக்கேல் ஹீலி, ஜான் டூக்கி ஆகிய மூவர் 1963இல் இதை வெளியிட்டார்கள். ஸ்பெக்ட்ரம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பெயர் வைத்தார்கள். ‘ஃப்ரீக்வென்சி’யையும் அப்படியே கலைத்து ‘க்வீஃப்ரன்சி’ ஆக்கினார்கள். விளையாட்டுத்தனமான பெயர்கள்தான், ஆனால் அவர்கள் பார்த்த பதிவுகள் நிலநடுக்கப் பதிவுகள். நில அதிர்வு தொலைதூர நிலையத்தை நேராகவும் அடையும், மேலே போய் நிலப்பரப்பில் பட்டுத் திரும்பியும் அடையும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து, அதிர்வு எவ்வளவு ஆழத்தில் தொடங்கியது என்று கணிக்கலாம். நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகள் குறித்து நாடுகள் கவலைப்பட்ட காலம் அது. பல பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் யாரும் குண்டு வெடிக்க முடியாது என்பதால், ஆழம் தெரிந்தால் பல அதிர்வுகளை இயற்கையானவை என்று ஒதுக்கிவிடலாம்.

நம் பதிவுக்கு வருவோம். பைத்தான் மொழியில் வேலை மூன்று வரிதான்:

```
import numpy as np
Y = np.fft.fft(y)
c = np.fft.ifft(np.log(np.abs(Y) + 1e-12)).real
```

`y` என்பது பதிவு, `c` என்பது கெப்ஸ்ட்ரம். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்திருந்தால், 20 மில்லிவினாடி என்பது 882ஆம் மாதிரி. அங்கே முகட்டின் உயரம் எதிரொலியின் வலிமையில் பாதி, அதாவது 0.25 இருக்க வேண்டும். இருமடங்கு இடமான 40 மில்லிவினாடியில் கீழ்நோக்கி 0.0625 அளவுள்ள சிறு முகடும் தெரியலாம்.

ஆனால் முகடு தெரிந்தவுடன் சுவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குரல்நாண் வினாடிக்கு 125 முறை அதிர்ந்தால், அதுவும் 8, 16, 24 மில்லிவினாடிகளில் முகடுகளை எழுப்பும். எது குரல், எது சுவர்? நீங்கள் பின்னால் நகர்ந்து, சுவருக்கு 1.75 மீட்டரில் நின்று மீண்டும் பதிவு செய்யுங்கள். சுவரின் முகடு 10 மில்லிவினாடிக்கு நகர்ந்துவிடும். குரலின் முகடு சுவரைப் பொருட்படுத்தாது. பேசுபவரின் சுருதி ஏறி இறங்கும்போது மட்டும் அது அசையும்.

இப்போது எதிரொலியைப் பிரிக்கலாம். `np.abs` வலிமையை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த அலை எங்கே தொடங்கியது என்ற கட்டத் தகவலை எறிந்துவிட்டது. இப்படிச் செய்வதைத்தான் மெய் கெப்ஸ்ட்ரம் என்பார்கள். அதிலிருந்து மட்டும் குரலைத் திரும்ப உருவாக்க முடியாது. ஆனால் தாமதமும் வலிமையும் கிடைத்துவிட்டதால், மூலப் பதிவுக்கே திரும்பிப் போய்க் கழித்துவிடலாம்:

```
x[n] = y[n] - 0.5 * x[n-882]
```

சிறிய எண்களில் செய்து பாருங்கள். உண்மை ஒலி 4, 2, 1. பாதி வலிமையுள்ள எதிரொலி இரண்டு மாதிரி தள்ளி வருகிறது. பதிவில் இருப்பது 4, 2, 3, 1, 0.5. முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 3இலிருந்து 4இன் பாதியைக் கழித்தால் 1. நான்காவது, 1இலிருந்து 2இன் பாதி போனால் 0. ஐந்தாவது, 0.5இலிருந்து 1இன் பாதி போனால் 0. எதிரொலி மறைந்து 4, 2, 1 திரும்பிவிட்டது.

தெருவில் இவ்வளவு சுத்தமாக நடக்காது. பேருந்து இரைச்சல் சீப்பின் பள்ளங்களை நிரப்பிவிடுவதால் முகடு குட்டையாகி, வலிமையைக் குறைவாகக் காட்டும். எதிர்வரிசைக் கடைவீடுகளும் தரையும் தத்தம் எதிரொலிகளைச் சேர்க்கும். துண்டு மிகக் குட்டையாக இருந்தால் எதிரொலியின் வால் வெட்டுப்படும். அரை வினாடியாவது எடுங்கள். கழித்தது போதுமா என்பதைக் காதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். சுத்தம் செய்த ஒலிக்கு மீண்டும் கெப்ஸ்ட்ரம் எடுங்கள். 882இல் மேல்நோக்கிய முகடு மிச்சமிருந்தால் குறைவாகக் கழித்திருக்கிறீர்கள். கீழ்நோக்கி இருந்தால் அதிகம். அந்த மிச்ச உயரத்தின் இருமடங்கை 0.5உடன் கூட்டியோ கழித்தோ மறுபடி ஓட்டிப் பாருங்கள்.